பழைய சிம்மைக் கைவிடும் முன்: எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில் மூடுவது

முதலில் ஒரு கேள்வி. உங்களுக்கு வேண்டாமென்று ஆனது அந்த எண்ணா, அந்தக் கம்பெனியா? ஊரில் டவர் எடுக்கவில்லை, ரீசார்ஜ் விலை ஏறிவிட்டது என்பதுதான் காரணம் என்றால் எண்ணை விடவே வேண்டாம். `PORT` என்று அடித்து, ஓர் இடம் விட்டு, பத்து இலக்க எண்ணை எழுதி 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எட்டு எழுத்துள்ள ஒரு குறியீடு வரும். அது நான்கு நாள் செல்லும். அதைக் காட்டி வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம். எண் அப்படியே இருக்கும், கீழே சொல்லும் வேலை எதுவும் இல்லை. இப்போதைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

எண்ணே வேண்டாம் என்று முடிவாகிவிட்டால் தொடர்ந்து படியுங்கள்.

விட்ட எண் அப்படியே மறைந்துபோவதில்லை. நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பது விதி. அதன்பிறகு கம்பெனி அதை இன்னொருவருக்கு விற்கும். வாங்குபவர் மேலூரில் இருக்கலாம், சென்னையில் இருக்கலாம். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் பேங்க் பேலன்ஸும் சிலிண்டர் டெலிவரி எண்ணும் அவர் போனுக்குப் போகும் என்பதுதான் சிக்கல்.

எது உண்மையான ஆபத்து

பலரும் பயப்படுவது வாட்ஸ்அப் போய்விடுமே என்று. அதைவிட முக்கியமானது வேறு. ஒரு யுபிஐ ஆப்பில் புதிதாகப் பதியும்போது, அந்த மொபைல் எண் எந்தெந்த வங்கிக் கணக்கில் இருக்கிறதோ அவற்றை ஆப் தேடி எடுத்துக் காட்டும். உங்கள் கணக்கில் பழைய எண்ணே இருந்தால், அந்த எண்ணை வாங்கியவரின் திரையில் உங்கள் கணக்கு கடைசி நான்கு இலக்கத்தோடு வந்து நிற்கும். அடுத்து யுபிஐ பின் போட வேண்டும். அதற்கு இரண்டு வழி இருக்கின்றன. ஒன்று, ஏடிஎம் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் முடிவுத் தேதியும். கார்டு உங்களிடம் இருப்பதால் அந்த வழி அடைபட்டிருக்கும். மற்றொன்று ஆதார் வழி: ஆதார் எண்ணின் முதல் ஆறு இலக்கத்தைக் கொடுத்தால், ஆதாரில் உள்ள மொபைலுக்கு ஓடிபி வரும். வங்கியிலும் ஆதாரிலும் ஒரே மொபைல் எண் இருந்தால்தான் இந்த வழி திறக்கும்.

ஆகவே, வங்கியிலும் ஆதாரிலும் ஒரே பழைய எண் இருக்கும் நிலையில் அதைக் கைவிடுவதுதான் மிக மோசமான நிலை. ஆதார் நகல் நம் ஊரில் எத்தனை ஜெராக்ஸ் கடையில், எத்தனை லாட்ஜில் கிடக்கிறது என்று யோசித்தால் ஆறு இலக்கம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. எந்த வேலை தள்ளிப்போனாலும் இந்த இரண்டையும் முடிக்காமல் சிம்மை விடக்கூடாது.

துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியலை அரசு வெளியிடுகிறது. அதைப் பார்த்து வாரம் ஒருமுறையாவது தங்கள் பதிவைச் சரிசெய்ய வேண்டும் என்று வங்கிகளுக்கும் யுபிஐ ஆப்களுக்கும் 2025 ஏப்ரல் 1 முதல் கட்டளை இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அவர்கள் செய்யக்கூடியது பழைய எண்ணை நீக்குவது மட்டும். உங்கள் புது எண்ணை அவர்களாகச் சேர்க்க முடியாது. அதை நம்பிச் சும்மா இருந்தால், ஒரு நாள் யுபிஐ வேலை செய்யாமல் நின்ற பிறகுதான் தெரியவரும்.

எண் எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது

நினைவிலிருந்து பட்டியல் போட்டால் பாதிதான் வரும். பழைய சிம் இருக்கும் போனின் எஸ்எம்எஸ் பெட்டிதான் சரியான பட்டியல். அதை அழிக்காமல் வைத்திருந்தால் கடந்த ஒரு வருடத்துக்குப் பின்னோக்கிப் போங்கள். ஏன் ஒரு வருடம்? கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், வீட்டு வரி அரையாண்டுக்கு ஒருமுறை, வண்டி இன்சூரன்ஸ் வருடத்துக்கு ஒருமுறை. ஒரு மாதத்தை மட்டும் பார்த்தால் இவை எதுவும் கண்ணில் படாது.

எஸ்எம்எஸ் அனுப்பும் பெயர்களின் கடைசியைக் கவனியுங்கள். 2025 மே முதல் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஓர் எழுத்து வருகிறது. `-P` என்று முடிந்தால் விளம்பரம், தள்ளிவிடலாம். `-T`, `-S`, `-G` என்று முடிபவை பணப் பரிமாற்றம், சேவை, அரசு. இந்த மூன்று வகையில் வரும் ஒவ்வொரு பெயரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அதுதான் வேலைப் பட்டியல்.

பட்டன் போனாக இருந்தால் இரண்டு விஷயம். எஸ்எம்எஸ் நினைவகம் நிரம்பியிருந்தால் புது ஓடிபி வராது. வேலை தொடங்கும் நாளில் விளம்பர மெசேஜ்களை மட்டும் அழித்து இடம் விடுங்கள். அப்புறம், அந்தப் போன்களில் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் சிம்மிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். சிம்மை எறிந்தால் உறவுக்காரர் எண்களும் அதோடு போய்விடும். முதலில் போனுக்கோ புது போனுக்கோ நகலெடுத்துவிடுங்கள்.

பழைய எண்ணை உயிரோடு வைத்திருங்கள்

பேலன்ஸ் இல்லாவிட்டாலும் 90 நாள் எண் இருக்கும், அதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 90 நாள் பயன்பாடே இல்லாமல் இருந்தால்தான் ப்ரீபெய்டு எண்ணைத் துண்டிக்கலாம் என்பது உண்மை. ரூ.20-க்குக் குறையாமல் பேலன்ஸ் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அது எண் உங்கள் பேரில் இருப்பதற்கான கணக்கு. திட்டத்தின் காலம் முடிந்த சில நாளிலேயே உள்வரும் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடலாம். எண் உங்களுடையதுதான், ஓடிபி மட்டும் வராது.

அதனால் வேலை தொடங்கும் நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் எஸ்எம்எஸ் வரும்படி ரீசார்ஜ் செய்யுங்கள். டேட்டா இல்லாத, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் போதும். கம்பெனிகள் அப்படி ஒரு திட்டத்தைத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டளையிட்டிருக்கிறது. கடைக்காரர் பெரிய பேக்கைத் தள்ளப் பார்ப்பார், பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டு சிம் போடும் போன் ஒன்று இருந்தால் பழையதையும் புதியதையும் அதிலேயே போடுங்கள். வேலை பாதியாகக் குறையும்.

ஒரு வீட்டின் கணக்கு

உசிலம்பட்டி பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்குப் பட்டன் போனில் பத்து வருடப் பழைய எண். மகன் மதுரையில் வேலை பார்க்கிறார். அம்மாவுக்கு ஸ்மார்ட்போனும் புது சிம்மும் வாங்கிக் கொடுத்துவிட்டு, பழையதை விட்டுவிடலாம் என்கிறார். மெசேஜ் பெட்டியைப் பார்த்தால் இவ்வளவு தேறுகிறது: வங்கிச் சேமிப்புக் கணக்கு, கூட்டுறவுச் சங்கத்தில் நகைக் கடன், ரேஷன் கார்டு, கேஸ், கரண்ட் பில், பேத்தியின் பள்ளி. மெசேஜில் தெரியாமல் இருப்பவை இரண்டு. அப்பாவின் ஆதாரிலும் அப்பத்தாவின் ஆதாரிலும்கூட அம்மாவின் எண்தான் இருக்கிறது. மகன் கல்லூரியில் சேர்ந்தபோது திறந்த ஜிமெயிலுக்கு மீட்பு எண்ணாகக் கொடுத்ததும் அதுதான்.

நம் வீடுகளில் இது வழக்கம். ஒரு காலத்தில் வீட்டில் ஒரு போன்தான் இருந்தது. அதையே எல்லோருக்கும் கொடுத்தோம். ஆகையால் எண்ணுக்குச் சொந்தக்காரரின் கணக்குகளை மட்டும் பார்த்தால் போதாது, வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். ஆதாருக்கு இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. `myaadhaar.uidai.gov.in` தளத்தில் `Check Aadhaar Validity` என்பதில் ஆதார் எண்ணைப் போட்டால், இணைந்திருக்கும் மொபைலின் கடைசி மூன்று இலக்கம் தெரியும். லாகின் தேவையில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

முதலில் ஆதார்

ஆதாரை முதலில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், அது முடிய நாளாகும் என்பதுதான். மனு கொடுத்தால் சில நாளில் மாறிவிடலாம், சில சமயம் வாரக்கணக்கிலும் இழுக்கும். அதோடு, பின்னால் வரும் சில மாற்றங்களே ஆதார் ஓடிபி கேட்கும். அது புது எண்ணுக்கு வந்தால் நல்லது.

தாலுகா அலுவலகத்திலோ தபால் ஆபீசிலோ உள்ள ஆதார் மையத்துக்கு ஆதார் அட்டையோடு நேரில் போங்கள். மொபைல் மாற்ற வேறு ஆவணம் எதுவும் வேண்டாம், பழைய எண்ணின் ஓடிபியும் வேண்டாம், கைரேகைதான் அடையாளம். கட்டணம் 2025 அக்டோபர் முதல் ரூ.75. ரசீது கேட்டு வாங்குங்கள். அதில் அச்சாகியிருக்கும் மொபைல் எண்ணை அங்கேயே நின்று ஒவ்வொரு இலக்கமாகப் படித்துப் பாருங்கள். ஒரு இலக்கம் தவறினால் யாரோ ஒருவரின் எண் உங்கள் ஆதாரில் ஏறிவிடும். திருத்த மறுபடி வரிசை, மறுபடி கட்டணம்.

நடக்க முடியாத அப்பத்தாவுக்கு என்ன செய்வது? தபால்காரர் வீட்டுக்கே வந்து, இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் கருவியில் மொபைல் எண்ணை மாற்றிக் கொடுப்பார். தபால் ஆபீசில் சொல்லி வையுங்கள். ஆனால் வயல் வேலை செய்தே தேய்ந்த கையாக இருந்தால் ரேகை விழாது. முந்தின நாள் இரவு கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். அப்படியும் விழவில்லை என்றால் கண் கருவிழி பதியும் கருவி உள்ள மையத்துக்குத்தான் அழைத்துப்போக வேண்டும்.

மாறிவிட்டதா என்று அறிய, முன்பு சொன்ன அதே பக்கத்தில் கடைசி மூன்று இலக்கத்தை மறுபடி பாருங்கள். புது எண்ணின் இலக்கம் வந்த பிறகுதான் ஆதார் வேலை முடிந்தது. ரசீது கையில் இருப்பது மனு கொடுத்ததற்கான சான்று மட்டும்.

அடுத்து வங்கி, ஆனால் அதற்கு முன் யுபிஐ

வங்கியில் எண் மாறியதும் பழைய எண்ணில் ஓடும் யுபிஐ நின்றுபோகும். ஆகவே வங்கிக்குப் போவதற்கு முன், பழைய எண்ணில் யுபிஐ ஆப் இருந்தால் மூன்று காரியம். யுபிஐ லைட்டில் பணம் போட்டு வைத்திருந்தால் அதைக் கணக்குக்குத் திருப்புங்கள். அந்தப் பணம் போனில் உள்ள அந்த ஆப்பைச் சார்ந்தது, பிறகு மீட்க அலைய வேண்டும். ஆட்டோபே கட்டளைகள் எவை ஓடுகின்றன என்று எழுதிக்கொண்டு, புது எண்ணில் மறுபடி போட வேண்டியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஆப்பின் அமைப்புகளில் கணக்கை நீக்கி, யுபிஐ பதிவையும் ரத்துசெய்யுங்கள். ஆப்பை அழிப்பது பதிவை ரத்துசெய்வது ஆகாது. ஜிபேயும் போன்பேயும் இரண்டும் இருந்தால் இரண்டிலும் செய்ய வேண்டும்.

பிறகு பாஸ்புக், ஆதார், பான் கார்டு எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். நெட் பேங்கிங்கிலும் ஏடிஎம்மிலும் மாற்றும் வசதி சில வங்கிகளில் உண்டு. பெரியவர்களுக்குக் கிளைதான் சுலபம். மனுவில் கணக்கு எண்ணை மட்டும் எழுதாமல், "என் வாடிக்கையாளர் எண்ணின் கீழ் உள்ள எல்லாக் கணக்குக்கும்" என்று சேர்த்து எழுதுங்கள். சேமிப்புக் கணக்கில் மாறியிருக்கும், வைப்புத் தொகையிலோ கடனிலோ பழைய எண் அப்படியே கிடக்கும். இது அடிக்கடி நடப்பது. எஸ்எம்எஸ் தகவல் போகும் எண்ணும் நெட் பேங்கிங்குக்கு ஓடிபி போகும் எண்ணும் தனித்தனியாகப் பதிந்திருக்கும் வங்கிகளும் உண்டு.

கவுன்டரில் "மாத்தியாச்சும்மா" என்று சொன்னால் நம்பி வந்துவிடாதீர்கள். இரண்டு நாள் கழித்து ஏடிஎம்மில் ரூ.100 எடுத்துப் பாருங்கள். மெசேஜ் எந்த போனில் வருகிறது? புது போனில் மட்டும் வந்தால் சரி. பழையதிலும் வந்தால் ஏதோ ஒரு பதிவு பாக்கி இருக்கிறது. இரண்டிலும் வராவிட்டால் எண்ணைத் தப்பாக ஏற்றியிருக்கிறார்கள், அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.

இந்தச் சோதனை தேறிய பிறகு புது சிம்மில் யுபிஐ பதியுங்கள். பதியும்போது போன் தானாக ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பும். புது சிம்மில் எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி இல்லாத பேக் இருந்தால் அந்த இடத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும். வங்கியில் எண் சரியாக ஏறவில்லை என்று நினைத்துத் திரும்பக் கிளைக்கு ஓட வேண்டாம், முதலில் பேக்கைப் பாருங்கள். பதிந்த முதல் 24 மணி நேரம் ரூ.5,000-க்கு மேல் அனுப்ப விடாது. விதை நெல்லோ உரமோ வாங்கப் பணம் கட்ட வேண்டிய நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

நகைக் கடன் உள்ள கூட்டுறவுச் சங்கம் தனி. வங்கியில் மாற்றியது அங்கே போய்ச் சேராது. வட்டி கட்டும் தேதி, தவணை முடியும் தேதி எல்லாம் அங்கிருந்து வரும் மெசேஜ்தான், அதனால் அடகுச் சீட்டோடு நேரில் போய் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். தபால் ஆபீஸ் சேமிப்பும் செல்வமகள் கணக்கும் இருந்தால் அதற்கும் இப்படியே தனி மனு.

பழைய ஓடிபி இல்லாமல் மாறாதவை

ஆதாரும் வங்கியும் நேரில் போனால் மாறும். வேறு சில இடங்களில் உள்ளே நுழையவே பழைய எண்ணுக்கு வரும் ஓடிபி வேண்டும். சிம் உயிரோடு இருக்கும்போதே முடிக்க வேண்டியவை இவைதான்.

ரேஷன் கார்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. `tnpds.gov.in` தளத்தில் பயனாளர் நுழைவுக்குக் கார்டில் பதிந்த மொபைல் எண்ணைப் போட்டு, அதற்கு வரும் ஓடிபியைக் கொடுக்க வேண்டும். சிம் இருந்தால் வீட்டிலிருந்தே முடியும். சிம் போய்விட்டால் தாலுகா அலுவலகத்தில் உள்ள வட்ட வழங்கல் பிரிவுக்கு மனு எடுத்துக்கொண்டு போக வேண்டும். சந்தேகம் என்றால் 1967-ல் கேட்கலாம்.

மகனின் கூகுள் கணக்கில் எண்ணைத் தேட வேண்டிய இடம் ஒன்றல்ல. `myaccount.google.com` போய், `Security` பகுதியில் மீட்பு எண்ணையும், இருபடிச் சரிபார்ப்பில் உள்ள எண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள். `Personal info` பகுதியிலும் ஓர் எண் இருக்கும். மூன்றையும் மாற்றிவிட்டு, பத்து காப்புக் குறியீடுகளை எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்குக்கு நேரில் போய் மனு கொடுக்க மதுரையில் கவுன்டர் கிடையாது. பூட்டிக்கொண்டால் பூட்டிக்கொண்டதுதான். இந்தப் பட்டியலிலேயே திரும்பப் பெறக் கடினமானது இதுதான்.

வாட்ஸ்அப்பில் வழி இரண்டாகப் பிரியும், கவனியுங்கள். புது எண்ணில் இன்னும் வாட்ஸ்அப் தொடங்கவில்லை என்றால், பழைய எண் ஓடும் போனிலேயே `Settings > Account > Change number` போய் இரண்டு எண்ணையும் கொடுங்கள். குழுக்களும் உரையாடலும் புது எண்ணுக்கு வந்துவிடும், பழைய எண்ணின் கணக்கு நீங்கிவிடும். ஆனால் புது எண்ணில் ஏற்கெனவே தனியாக வாட்ஸ்அப் ஓடுகிறது என்றால் இந்த வழி வேண்டாம், அந்தக் கணக்கின் மேல் இது ஏறிவிடும். அப்போது வேண்டிய குழுக்களில் புது எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். அம்மா நிர்வாகியாக இருக்கும் குழு எதுவும் இருந்தால் புது எண்ணை நிர்வாகி ஆக்குங்கள். அதன்பின் பழையதில் கணக்கையே நீக்குங்கள். ஆப்பை மட்டும் அழித்துவிட்டு விட்டால், நாளை அந்த எண்ணை வாங்கியவர் வாட்ஸ்அப் போட்டதும் உங்கள் பங்காளிகள் குழுவுக்குள் வந்து நிற்கக்கூடும். பழைய பேச்சு அவருக்குத் தெரியாது. புதிதாகப் போடும் கல்யாணப் பத்திரிகையும் பிறந்தநாள் படமும் தெரியும்.

டெலிகிராம், டிஜிலாக்கர், வருமான வரித் தளம், பி.எஃப்., பி.எம். கிசான் ஆகியவற்றில் எது உங்களுக்கு இருக்கிறதோ அதையும் இந்த வரிசையிலேயே முடித்துவிடுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து, பத்து நிமிடம்தான்.

கேஸுக்கு ஏஜென்சியில் நேரிலோ, கம்பெனி ஆப்பிலோ மாற்றலாம். டெலிவரிப் பையன் கேட்கும் குறியீட்டு எண் பதிந்த மொபைலுக்குத்தான் வரும். அதனால் சிலிண்டர் புக் பண்ணி வர வேண்டியிருக்கும் நேரத்தில் மாற்றாமல், ஒன்று வந்து இறங்கிய மறுநாள் மாற்றுங்கள். கரண்ட் பில்லுக்கு மின்வாரியத்தின் தளத்தில் மாற்றலாம், பிரிவு அலுவலகத்திலும் சொல்லலாம். பள்ளியில் வகுப்பு ஆசிரியரிடம் சொன்னால் போதும். எமிஸ் பதிவில் எண் மாறியதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்த பள்ளியில் சேர்க்கும்போது அந்த எண்ணுக்கு ஓடிபி வரலாம்.

மூடும் முன் காத்திருப்பு

பட்டியல் முழுவதும் முடிந்ததும் பழைய சிம்மை உடனே மூட வேண்டாம். ரீசார்ஜ் மீதி இருக்கும் நாள்வரை போனில் சும்மா கிடக்கட்டும். அதிலிருந்து எதுவும் செய்யாமல் வருவதை மட்டும் பாருங்கள். `-T`, `-S`, `-G` என்று முடியும் மெசேஜ் ஒன்று வந்தாலும் எங்கோ ஓர் இடம் விட்டுப்போயிருக்கிறது. அதை மாற்றிவிட்டு மறுபடி காத்திருங்கள். கரண்ட் பில் சுற்று ஒன்று இந்த இடைவெளியில் வந்துபோனால் நல்லது. அழைப்பவர்களுக்குப் புது எண்ணைச் சொல்லுங்கள். கிராமத்தில் வாட்ஸ்அப் இல்லாத சொந்தக்காரர்களுக்குத்தான் எண் மாறிய சேதி கடைசியாகப் போய்ச் சேரும்.

மூடுவது

சிம் யார் பெயரில் இருக்கிறது என்பது மூடும்போதுதான் முதல்முறையாகக் கேள்வியாக வரும். பத்து வருடத்துக்கு முன் வாங்கியது மாமா பெயரில் இருக்கலாம். `sancharsaathi.gov.in` தளத்தில் உங்கள் பெயரில் உள்ள இணைப்புகளைப் பார்க்கும் பகுதி உண்டு. எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால், அதே அடையாளத்தில் உள்ள எண்களின் பட்டியல் நடுவில் சில இலக்கம் மறைந்து வரும். ஒவ்வொன்றின் எதிரிலும் தேர்வுகள் இருக்கும். உங்கள் பழைய எண்ணுக்கு `Not Required` என்பதைத் தேர்ந்து அனுப்புங்கள். `Not My Number` என்பது உங்கள் பெயரில் வேறு யாரோ வாங்கிய எண்ணைப் புகார் செய்வதற்கு. சொந்த எண்ணுக்கு அதை அழுத்தாதீர்கள். புது எண்ணும் அதே பட்டியலில் வரும் என்பதால், கடைசி இலக்கங்களை இரண்டு முறை பார்த்துவிட்டு அழுத்துங்கள். தவறுதலாகப் புது எண்ணைத் தேர்ந்தால் இதுவரை செய்தது எல்லாம் வீண்.

தளம் வேண்டாம் என்றால், சிம் யார் பெயரிலோ அவர் ஆதாரோடு கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குப் போய் மூடச் சொல்லலாம். தெருமுனை ரீசார்ஜ் கடையில் இது நடக்காது. போஸ்ட்பெய்டு என்றால் இந்த வழிதான் சரி. ரீசார்ஜ் இல்லாமல் விட்டால் ப்ரீபெய்டு தானாகச் சாகும், போஸ்ட்பெய்டில் பில் ஏறிக்கொண்டே போகும். கடைசி பில்லைக் கட்டி, மூடியதற்கான மெசேஜையோ கடிதத்தையோ வாங்கி வையுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

ஏற்கெனவே போய்விட்ட எண்

இதைப் படிக்கும்போதே எண் துண்டிக்கப்பட்டிருந்தால், முதலில் நாளைக் கணக்கிடுங்கள். பயன்படுத்தாததால் துண்டித்த ப்ரீபெய்டு எண்ணை 15 நாளுக்குள் கேட்டால் திரும்பத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த நாள் தாண்டவில்லை என்றால் இன்றே ஷோரூமுக்குப் போங்கள்.

தாண்டிவிட்டால் வரிசை மாறும். வங்கிக் கிளைதான் முதல், அன்றைக்கே. ஆதார் அடுத்த நாள். வங்கியில் எண் மாறிவிட்டால் மேலே சொன்ன யுபிஐ வழி அடைபட்டுவிடும், ஆதார் சற்றுத் தாமதமானாலும் பரவாயில்லை. ரேஷன், கேஸ், பி.எஃப். எல்லாம் ஆதாரில் புது எண் ஏறிய பிறகு மனு போட்டு ஒவ்வொன்றாக மாற்றலாம்.

அந்த எண்ணை இப்போது வைத்திருப்பவருக்குப் போன் போட்டு, "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கண்ணே" என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். யாருக்கும் ஓடிபி சொல்லாதே என்று எல்லோரும் சொல்லி வைத்திருக்கிறார்கள், உங்களை மோசடிக்காரர் என்றுதான் அவர் நினைப்பார். அப்படியே அவர் சொன்னாலும், உங்கள் கணக்கு எங்கே இருக்கிறது, அதன் சாவி தன் போனுக்குத்தான் வருகிறது என்பதை அவருக்கு நீங்களே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.